மேல் வரிசைகளில் ஒரு கணக்கு, மொத்த வரிசையில் வேறு கணக்கு: விழுக்காடு ஏன் இடிக்கிறது?

பள்ளித் தமிழ் மன்றம் தீபாவளிச் சந்தையில் ஒரு கடை போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கு, அதிரசம், லட்டு மூன்றும் விற்பனைக்கு. சந்தை முடிந்ததும் பொருளாளரான நீங்கள் கணக்கு அறிக்கை தயாரிக்கிறீர்கள். அட்டவணை இப்படி வருகிறது:

| பலகாரம் | விற்பனை (வெள்ளி) | லாபம் (வெள்ளி) | லாப விழுக்காடு |
|---|---|---|---|
| முறுக்கு | 3,000 | 600 | 20% |
| அதிரசம் | 400 | 200 | 50% |
| லட்டு | 600 | 210 | 35% |
| மொத்தம் | 4,000 | 1,010 | 25.25% |

கூட்டத்தில் ஒருவர் கையைத் தூக்குகிறார். "20, 50, 35. மூன்றையும் கூட்டினால் 105. மூன்றால் வகுத்தால் 35. நீங்க 25.25னு போட்டிருக்கீங்களே, தப்பா இருக்கே?"

விற்பனையும் லாபமும் மேலிருந்து கீழே சரியாகக் கூடி வருகின்றன. விழுக்காடு மட்டும் கூடியும் வரவில்லை, சராசரியாகவும் வரவில்லை. அப்படியென்றால் தவறு பொருளாளர் மீதா?

இல்லை. 25.25 என்பதே சரி. ஏன் என்று பார்க்கலாம், வாங்க.

மொத்த வரிசையில் எதை எதால் வகுக்கிறோம்?

விழுக்காடு என்பது தனியாக நிற்கும் எண் அல்ல. இரண்டு எண்களிலிருந்து பிறப்பது அது. இங்கே மேலே லாபம், கீழே விற்பனை. முறுக்கு வரிசையில் 600ஐ 3,000ஆல் வகுத்தோம், 20 விழுக்காடு வந்தது. மற்ற இரண்டு பலகாரங்களுக்கும் அப்படித்தான்.

மொத்த வரிசைக்கும் அதே விதிதான். மொத்த லாபம் 1,010. மொத்த விற்பனை 4,000. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 25.25 விழுக்காடு. அவ்வளவுதான்.

அதாவது, முதலில் கூட்ட வேண்டும், பிறகு வகுக்க வேண்டும். கையைத் தூக்கியவர் செய்தது வேறு. ஏற்கெனவே வகுத்து வந்த மூன்று விடைகளை எடுத்து, அவற்றுக்குச் சராசரி கண்டார். வரிசை மாறியதால் விடையும் மாறிவிட்டது.

சராசரி எடுத்தால் என்ன குறை?

சாதாரண சராசரி மூன்று பலகாரங்களையும் சமமாக நடத்துகிறது. ஆனால் கடையில் மூன்றும் சமமாகவா விற்றன? 4,000 வெள்ளி விற்பனையில் முறுக்கு மட்டுமே 3,000. அதாவது 75 விழுக்காடு. லட்டுக்கு 15 விழுக்காடு. அதிரசத்துக்கு வெறும் 10 விழுக்காடு.

அதிரசத்தில் 50 விழுக்காடு லாபம் கிடைத்தது உண்மைதான். ஆனால் நான்கு நூறு வெள்ளிக்கு விற்ற ஒரு பலகாரம், மூவாயிரம் வெள்ளிக்கு விற்ற இன்னொன்றுக்குச் சமமான செல்வாக்கைக் கேட்க முடியாது, இல்லையா?

ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் அதன் விற்பனைப் பங்குக்கு ஏற்ற எடையைக் கொடுத்துப் பாருங்கள். முறுக்கின் 20இல் 75 விழுக்காடு எடுத்தால் 15. அதிரசத்தின் 50இல் 10 விழுக்காடு எடுத்தால் 5. லட்டின் 35இல் 15 விழுக்காடு எடுத்தால் 5.25. மூன்றையும் கூட்டினால் 25.25. மொத்த வரிசையில் இருந்த அதே எண்.

ஆக, மொத்த வரிசையில் உள்ள விழுக்காடும் ஒரு வகைச் சராசரிதான். எடை போட்டுப் பார்த்த சராசரி. அதிகம் விற்ற பொருளின் பக்கம் அது சாயும். அதனால்தான் 25.25 என்பது முறுக்கின் 20க்கு அருகில் நிற்கிறது, அதிரசத்தின் 50க்கு அருகில் இல்லை.

35 என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்?

"பத்து விழுக்காடு வித்தியாசம்தானே" என்று விட்டுவிடலாமா? அடுத்த ஆண்டுத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். மன்றம் 6,000 வெள்ளிக்கு விற்கப்போகிறது. 35 விழுக்காடு லாபம் என்று நம்பினால் 2,100 வெள்ளி கையில் வரும் என்று கணக்குப் போடுவீர்கள். அதை வைத்து முகாமுக்குப் பேருந்து பேசுவீர்கள், முன்பணமும் கட்டிவிடுவீர்கள்.

ஆனால் இந்த ஆண்டு போலவே விற்றால் உண்மையில் வருவது 6,000 வெள்ளியில் 25.25 விழுக்காடு. அதாவது 1,515 வெள்ளி. 585 வெள்ளி துண்டு விழும். அட்டவணையில் ஒரே ஒரு கட்டத்தில் தவறான சூத்திரம் போட்டதற்கு வந்த விலை அது.

எக்செல்லில் தவறு எங்கே நுழைகிறது?

பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான். மேலே உள்ள அட்டவணையை எக்செல்லில் போடுவதாக வைத்துக்கொள்வோம். B நெடுவரிசையில் விற்பனை, C நெடுவரிசையில் லாபம், D நெடுவரிசையில் விழுக்காடு. பலகாரங்கள் 2 முதல் 4 வரையிலான வரிசைகளில். மொத்தம் 5ஆம் வரிசையில்.

B5, C5 இரண்டிலும் கூட்டல் போடுகிறோம். கை அதே பழக்கத்தில் D5க்குப் போகிறது. அங்கேயும் கூட்டல் போட்டால் 105 விழுக்காடு என்று வரும். அது தவறு என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். உடனே பலர் அதை அழித்துவிட்டு இப்படி எழுதுவார்கள்:

```
=AVERAGE(D2:D4)
```

இப்போது 35 விழுக்காடு வருகிறது. பார்ப்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆபத்தும் அதில்தான். 105 தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். 35 காட்டிக்கொடுக்காது.

சரியான சூத்திரம் மிக எளிது. மேல் வரிசைகளில் என்ன செய்தோமோ, அதையே இங்கும் செய்ய வேண்டும்:

```
=C5/B5
```

D4இல் உள்ள சூத்திரத்தை அப்படியே கீழே இழுத்துவிட்டாலும் போதும். எக்செல் அதை `=C5/B5` என்று தானாக மாற்றிக்கொள்ளும்.

சில நேரம் உங்கள் கைக்கு வரும் அட்டவணையில் விற்பனையும் விழுக்காடும் மட்டும் இருக்கும், லாபம் இருக்காது. அப்போது எடை போட்டுக் கணக்கிடலாம்:

```
=SUMPRODUCT(B2:B4,D2:D4)/SUM(B2:B4)
```

இதற்கும் 25.25தான் வரும். ஆனால் விழுக்காடு மட்டும் இருந்து, விற்பனையும் இல்லை, லாபமும் இல்லை என்றால் மொத்த விழுக்காட்டைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முடியாது. எடை தெரியாமல் எடை போட முடியாதே!

பிவட் டேபிளில் மூன்றாவதாக ஓர் எண்!

பிவட் டேபிள் போடுபவர்களுக்கு இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. மேல் வரிசைகளின் சராசரியும் இல்லை, சரியான விழுக்காடும் இல்லை. வேறு ஏதோ ஓர் எண் `Grand Total` வரிசையில் வந்து நிற்கும்.

காரணம் இதுதான். பிவட் டேபிள் தன் மொத்த வரிசையைக் கணக்கிடும்போது, திரையில் தெரியும் மேல் வரிசைகளைப் பார்ப்பதில்லை. மூலத் தரவுக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து புதிதாகக் கணக்கிடுகிறது.

நம் கடையையே எடுத்துக்கொள்வோம். மூலத் தரவில் ஒரு பலகாரத்துக்கு ஒரு நாளுக்கு ஒரு பதிவு. முறுக்கு 10 நாள் விற்றது, அதனால் 10 பதிவுகள். அதிரசம் 2 நாள், லட்டு 3 நாள். மொத்தம் 15 பதிவுகள். ஒவ்வொரு பதிவிலும் அன்றைய லாப விழுக்காடு எழுதப்பட்டிருக்கிறது. எல்லா நாளும் முறுக்குக்கு 20, அதிரசத்துக்கு 50, லட்டுக்கு 35 என்றே வைத்துக்கொள்வோம்.

அந்த விழுக்காட்டைப் பிவட் டேபிளில் இழுத்துப் போட்டு `Average` என்று தேர்ந்தெடுத்தால், வரிசைகளில் 20, 50, 35 சரியாகத் தெரியும். மொத்த வரிசையிலோ 27 வரும். 15 பதிவுகளின் சராசரி அது. பத்து 20, இரண்டு 50, மூன்று 35 ஆகியவற்றைக் கூட்டினால் 405. அதைப் 15ஆல் வகுத்தால் 27.

இங்கேயும் எடை போடப்படுகிறது, ஆனால் தவறான எடை. எத்தனை வெள்ளிக்கு விற்றது என்பதற்குப் பதிலாக, எத்தனை பதிவுகள் இருக்கின்றன என்பது எடையாகிவிட்டது.

தீர்வு என்ன? விழுக்காட்டை மூலத் தரவிலிருந்து கொண்டு வராதீர்கள். பிவட் டேபிளுக்குள்ளேயே உருவாக்குங்கள். `PivotTable Analyze` பகுதியில் `Fields, Items, & Sets` என்பதைத் திறந்து `Calculated Field` என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். உங்கள் நெடுவரிசைகளின் பெயர் `Profit`, `Sales` என்றால் சூத்திரம் இப்படி:

```
=Profit/Sales
```

இந்த வசதி முதலில் லாபத்தைக் கூட்டும், விற்பனையைக் கூட்டும், பிறகுதான் வகுக்கும். ஒவ்வொரு வரிசையிலும் அப்படியே, மொத்த வரிசையிலும் அப்படியே. ஆகவே 25.25 தானாக வந்துவிடும்.

எல்லா வரிசையும் ஏறியது, மொத்தம் மட்டும் எப்படி இறங்கியது?

இதுவரை பார்த்தது சூத்திரச் சிக்கல். இனி வருவது சூத்திரம் சரியாக இருந்தும் நம்மைத் தடுமாற வைக்கும் விஷயம்.

அடுத்த ஆண்டு மன்றம் மீண்டும் கடை போடுகிறது. செலவைக் குறைத்து, ஒவ்வொரு பலகாரத்திலும் லாபத்தை 2 விழுக்காட்டுப் புள்ளி உயர்த்திவிட்டீர்கள். கணக்கு இப்படி:

| பலகாரம் | விற்பனை (வெள்ளி) | லாபம் (வெள்ளி) | லாப விழுக்காடு |
|---|---|---|---|
| முறுக்கு | 5,100 | 1,122 | 22% |
| அதிரசம் | 300 | 156 | 52% |
| லட்டு | 600 | 222 | 37% |
| மொத்தம் | 6,000 | 1,500 | 25% |

முறுக்கு ஏறியது. அதிரசம் ஏறியது. லட்டும் ஏறியது. மொத்தம் 25.25இலிருந்து 25க்கு இறங்கிவிட்டது! வகுத்துப் பாருங்கள், எந்த எண்ணிலும் பிழை இல்லை.

மாறியது எடை. போன ஆண்டு விற்பனையில் 75 விழுக்காடாக இருந்த முறுக்கு இந்த ஆண்டு 85 விழுக்காடு. நல்ல லாபம் தரும் அதிரசத்தின் பங்கு 10இலிருந்து 5 விழுக்காடாகவும், லட்டின் பங்கு 15இலிருந்து 10 விழுக்காடாகவும் சுருங்கின. லாபம் குறைவான பொருளின் பக்கம் விற்பனை சாய்ந்ததால், ஒவ்வொன்றிலும் கிடைத்த முன்னேற்றத்தை அந்தச் சாய்வு விழுங்கிவிட்டது.

மொத்த வரிசையை மட்டும் பார்க்கும் தலைவர் "இந்த வருஷம் சரியா செய்யலையே" என்பார். மேல் வரிசைகளை மட்டும் பார்க்கும் உறுப்பினர் "எல்லாமே கூடியிருக்கே" என்பார். இருவரும் ஒரே தாளைத்தான் படிக்கிறார்கள்.

மருத்துவத்திலும் இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. புள்ளியியல் வகுப்புகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஓர் ஆய்வு 1986இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. சிறுநீரகக் கல்லை நீக்கும் சிகிச்சை முறைகளை அது ஒப்பிட்டது. அவற்றில் இரண்டை மட்டும் பார்ப்போம். ஒன்று, உடலைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சை. மற்றொன்று, முதுகுப் பக்கம் சிறு துளையிட்டுக் கல்லை எடுக்கும் முறை. இரண்டிலும் தலா 350 நோயாளிகள்.

| கல்லின் அளவு | திறந்த அறுவை சிகிச்சை | துளையிடும் முறை |
|---|---|---|
| சிறிய கல் | 87இல் 81 பேர் (93%) | 270இல் 234 பேர் (87%) |
| பெரிய கல் | 263இல் 192 பேர் (73%) | 80இல் 55 பேர் (69%) |
| மொத்தம் | 350இல் 273 பேர் (78%) | 350இல் 289 பேர் (83%) |

சிறிய கல்லா? திறந்த அறுவை சிகிச்சை அதிகம் வெற்றி பெற்றது. பெரிய கல்லா? அதிலும் திறந்த அறுவை சிகிச்சைதான். மொத்தமா? துளையிடும் முறை முந்திவிட்டது!

இப்போது அடைப்புக்குள் உள்ள விழுக்காட்டை விட்டுவிட்டு, நோயாளிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். திறந்த அறுவை சிகிச்சை பெற்ற 350 பேரில் 263 பேருக்குப் பெரிய கல். துளையிடும் முறையில் 350 பேரில் 80 பேருக்கு மட்டுமே பெரிய கல். பெரிய கல்லை நீக்குவது எந்த முறையிலும் கடினம். கடினமான நோயாளிகளில் பெரும்பாலோர் ஒரு பக்கம் குவிந்ததால் அந்தப் பக்கத்தின் மொத்த விழுக்காடு கீழே இழுக்கப்பட்டது.

இரண்டு முறைகளுக்கும் ஒரே மாதிரியான நோயாளிகள் வந்திருந்தால்? 700 பேரையும் சேர்த்தால் சிறிய கல் 357 பேருக்கு, பெரிய கல் 343 பேருக்கு. அந்தக் கலவையை இரண்டு முறைகளுக்கும் கொடுத்துக் கணக்கிட்டால் திறந்த அறுவை சிகிச்சைக்கு ஏறத்தாழ 83 விழுக்காடும் துளையிடும் முறைக்கு ஏறத்தாழ 78 விழுக்காடும் வருகின்றன. எண்கள் அப்படியே இடம் மாறிவிட்டன!

ஒரு சிகிச்சை முறையே சிறந்தது என்று இதை வைத்து முடிவுகட்டிவிடவும் கூடாது. நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. வெற்றி விகிதம் மட்டுமே மருத்துவரின் கவலையும் அல்ல, குணமாகும் காலமும் உடலுக்கு ஏற்படும் காயமும் முக்கியம். ஆனால் மொத்த வரிசையை மட்டும் படித்தவருக்கு, வெற்றி விகிதத்தைப் பற்றியே தலைகீழான எண்ணம் வந்திருக்கும்.

இந்த முரணுக்கு சிம்ப்சன் முரண் என்று பெயர். எட்வர்ட் சிம்ப்சன் என்ற பிரிட்டிஷ்காரர் 1951இல் இதைப் பற்றி எழுதினார். அவருக்கு முன்னரே, 1903இல், உட்னி யூல் என்ற புள்ளியியலாளர் இதைச் சுட்டிக்காட்டியிருந்தார்.

அப்படியானால் எதை நம்புவது?

நீங்கள் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது.

"கையில் எவ்வளவு மிஞ்சியது?" என்று கேட்டால் மொத்த வரிசையைப் பாருங்கள். வங்கியில் போடப்போவது மொத்தத்தைத்தானே! முகாமுக்குப் பணம் போதுமா என்ற கேள்விக்கு 25 விழுக்காடுதான் பதில்.

"எது சிறப்பாகச் செய்தது?" "எது முன்னேறியது?" என்று கேட்டால் மேல் வரிசைகளைப் பாருங்கள். உங்களுக்குச் சிறுநீரகத்தில் சிறிய கல் இருந்தால், சிறிய கல் வரிசைதான் உங்களைப் பற்றிப் பேசுகிறது. மொத்த வரிசை உங்களைப் பற்றிப் பேசவில்லை.

சாதாரண சராசரிக்கும் ஓர் இடம் உண்டு. ஒவ்வொரு வரிசைக்கும் சம மதிப்பு என்று நீங்களே முடிவு செய்யும்போது அது பொருந்தும். "ஒரு பலகாரத்தின் லாப விழுக்காடு சராசரியாக எவ்வளவு?" என்று கேட்டால் 35 சரியான பதில். ஆனால் அதை "மொத்தம்" என்ற பெயரில் எழுதக் கூடாது. "மூன்று பலகாரங்களின் சராசரி" என்று எழுத வேண்டும்.

தவறை எப்படிக் கண்டுபிடிப்பது?

அடுத்த முறை ஓர் அறிக்கை கையில் வந்தால், மொத்த வரிசையில் உள்ள விழுக்காட்டை இரண்டு வகையில் சோதித்துப் பாருங்கள்.

முதலாவது, அது மேல் வரிசைகளில் உள்ள மிகச் சிறிய எண்ணுக்கும் மிகப் பெரிய எண்ணுக்கும் நடுவில் இருக்கிறதா? நம் முதல் அட்டவணையில் அது 20க்கும் 50க்கும் நடுவில் இருந்தாக வேண்டும். வெளியே போயிருந்தால் ஏதோ ஒரு வரிசை மறைக்கப்பட்டிருக்கலாம், அல்லது மொத்தத்தில் மட்டும் வேறு தரவு சேர்ந்திருக்கலாம்.

இரண்டாவது, அது பெரிய வரிசையின் பக்கம் சாய்ந்திருக்கிறதா? விற்பனையில் முக்கால் பங்கு முறுக்கு என்றால் மொத்தமும் முறுக்கின் எண்ணுக்கு அருகில் இருக்க வேண்டும். அப்படி இல்லாமல், சாதாரண சராசரியோடு அச்சு அசலாகப் பொருந்தினால், அந்தக் கட்டத்தைச் சொடுக்கிச் சூத்திரத்தைப் பாருங்கள். `AVERAGE` ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு.

முதல் சோதனைக்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஒரே ஆள் இரண்டு வரிசைகளில் எண்ணப்பட்டால் அது செல்லாது. ஒரு சிறிய எடுத்துக்காட்டு. முறுக்கு வாங்கியவர்கள் 100 பேர், ஆளுக்கு 6 வெள்ளி. லட்டு வாங்கியவர்கள் 40 பேர், ஆளுக்கு 5 வெள்ளி. மொத்த விற்பனை 800 வெள்ளி. ஆனால் 30 பேர் இரண்டையும் வாங்கியவர்கள். ஆகவே கடைக்கு வந்தவர்கள் 140 பேர் அல்ல, 110 பேர்தான். 800ஐ 110ஆல் வகுத்தால் ஆளுக்குச் சுமார் 7 வெள்ளி 27 காசு. மேலே உள்ள இரண்டு எண்களையும்விட மொத்தம் பெரிது, ஆனாலும் சரி!

இப்படிப்பட்ட அட்டவணையை அடையாளம் காண்பது எளிது. ஆள் எண்ணிக்கை நெடுவரிசையைக் கூட்டிப் பாருங்கள். கூட்டல் 140 வந்து, மொத்த வரிசையில் 110 இருந்தால், சிலர் இரண்டு வரிசைகளில் இருக்கிறார்கள் என்று பொருள்.

கூட்டத்தில் என்ன பதில் சொல்வது?

கையைத் தூக்கிய நண்பருக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. அட்டவணையில் விழுக்காட்டுக்குப் பக்கத்திலேயே விற்பனையும் லாபமும் இருக்கட்டும். விழுக்காட்டை மட்டும் தனியாக வெட்டி எடுத்துத் திரையில் காட்டாதீர்கள். அட்டவணைக்குக் கீழே ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: "மொத்த விழுக்காடு = மொத்த லாபம் ÷ மொத்த விற்பனை."

பிறகு அவரிடமே கைத்தொலைபேசியை எடுத்து 1,010ஐ 4,000ஆல் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் கண்முன்னே 25.25 வந்து நிற்கும்.